சொல் விலை, மீள்பகுதித் தள்ளுபடி, அவசரக் கூடுதல்: மொழிபெயர்ப்புக் கட்டணத்தைக் கணக்கிடும் முறை

சொல்லுக்கு இவ்வளவு என்று விலை வைத்து ஓர் ஆவணத்தை மொழிபெயர்த்துக் கொடுப்பது எளிய பெருக்கல் கணக்காகத் தோன்றும். ஆனால் அந்த ஆவணத்தில் ஒரே வாக்கியங்கள் பல இடங்களில் திரும்ப வரும்போது வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்கிறார். அதே ஆவணத்தை வழக்கத்தைவிட விரைவாகக் கேட்கும்போது மொழிபெயர்ப்பாளர் கூடுதல் கட்டணம் கேட்கிறார். இரண்டும் ஒரே விலைப்பட்டியலில் சேரும் இடத்தில்தான் சச்சரவு தொடங்குகிறது. கூடுதல் விகிதத்தை எந்தத் தொகையின்மீது போடுவது என்ற ஒரே கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்காததே, நான் பார்த்த சச்சரவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். ஆகவே ஓர் ஆவணத்தை எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையிலிருந்து இறுதித் தொகைவரை படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

நம் ஆவணம் ஓர் இயந்திரத்தின் பராமரிப்புக் கையேடு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்ற வேண்டும். மொத்தம் 9,600 சொற்கள். ஒரு சொல்லுக்கு 5 அலகு விலை. அலகு என்ற இடத்தில் உங்கள் நாணயத்தைப் பொருத்திக்கொள்ளலாம். விகிதங்களும் விலையும் விளக்கத்துக்காக நான் தேர்ந்தவை. முறை மட்டுமே எல்லாருக்கும் பொது.

## முதல் படி: எந்த மொழியின் சொற்களை எண்ணுவது

தமிழில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலத்தில் ‘இன் த ஹவுஸ்’ என்பது மூன்று சொல். தமிழில் ‘வீட்டில்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், தமிழாக்கத்தின் சொல் எண்ணிக்கை ஆங்கில மூலத்தைவிடக் குறைந்தே இருக்கும். அதோடு, ‘செய்துகொண்டிருக்கிறது’ என்று சேர்த்து எழுதுபவருக்கு ஒரு சொல், ‘செய்து கொண்டு இருக்கிறது’ என்று பிரித்து எழுதுபவருக்கு மூன்று சொல். இடைவெளி விடும் பழக்கம் கட்டணத்தை மாற்றக் கூடாது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் பணிகளில் மூல மொழிச் சொற்களை எண்ணுவதே நேர்மையானது. பணி தொடங்கும் முன்பே தொகை தெரிந்துவிடும் என்பது இதன் இன்னொரு பயன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது, மூலத்தை எண்ணினால் சொல் விலையை உயர்த்த வேண்டும், அல்லது முடிந்த ஆங்கிலத்தை எண்ணுவதென்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த மென்பொருளின் எண்ணிக்கை செல்லும் என்பதையும் எழுத்தில் குறித்துவிடுங்கள். எண்கள், சாய்கோட்டால் இணைந்த சொற்கள், அடிக்குறிப்புகள், உரைப்பெட்டிகள் ஆகியவற்றை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. படமாக ஒட்டப்பட்ட எழுத்துகளைப் பெரும்பாலானவை எண்ணுவதில்லை. அவற்றைக் கண்ணால் பார்த்துத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

## இரண்டாம் படி: திரும்ப வருவதைப் பிரித்தெடுத்தல்

வாடிக்கையாளர்கள் இங்கே அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்வார்கள். ‘வால்வு’ என்ற சொல் கையேட்டில் 200 முறை வருகிறது, எனவே 199 முறைக்குத் தள்ளுபடி உண்டு என்று நினைப்பார்கள். தள்ளுபடி திரும்ப வரும் சொல்லுக்கு அன்று, திரும்ப வரும் வாக்கியத்துக்கு. மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் ஆவணத்தை வாக்கியம், தலைப்பு, அட்டவணைக் கட்டம் என்று துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒரு துண்டு முழுவதும் எழுத்துக்கு எழுத்து முன்பு வந்ததுபோலவே இருந்தால்தான் அது மீள்துண்டு. ‘மின்சாரத்தை நிறுத்தவும்’ என்ற வாக்கியம் ஓரிடத்தில் முற்றுப்புள்ளியோடும் வேறிடத்தில் அது இல்லாமலும் இருந்தால்கூட முழுப்பொருத்தமாகாது. கிட்டத்தட்டப் பொருந்துவது என்ற வேறு பிரிவுக்குப் போய்விடும்.

முதல் முறை வரும் துண்டு எப்போதும் புதியது. இரண்டாம் முறையிலிருந்துதான் அது மீள்துண்டு. ஒரு 10 சொல் எச்சரிக்கை 8 இடங்களில் இருந்தால், 10 சொற்கள் புதியவை, 70 சொற்கள் மீள்சொற்கள். டிராடோஸ் மென்பொருளின் பகுப்பாய்வு அறிக்கையில் `Repetitions` என்ற வரிசையில் முதல் வருகை சேராது. வாடிக்கையாளர் 80 சொற்களுக்கும் தள்ளுபடி கேட்டால், முதல் வருகையை யாரோ மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்பதைச் சொல்லிப் புரியவைக்கலாம்.

அத்தகைய மென்பொருள் கையில் இல்லாதவர்கள் விரிதாளிலேயே இதைச் செய்யலாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் A நெடுவரிசையில் வரிக்கு ஒன்றாக ஒட்டி, வெற்று வரிகளை நீக்கிவிட்டு, B1, C1 கட்டங்களில் முறையே பின்வரும் இரண்டு சூத்திரங்களையும் இட்டுக் கீழ்வரை இழுக்க வேண்டும்.

```
=SUMPRODUCT(--($A$1:A1=A1))
=LEN(TRIM(A1))-LEN(SUBSTITUTE(TRIM(A1)," ",""))+1
```

B நெடுவரிசை, அந்த வாக்கியம் இது எத்தனையாவது முறை வருகிறது என்று காட்டும். C, அதன் சொல் எண்ணிக்கை. பிறகு இந்த இரண்டும் புதிய சொற்களையும் மீள்சொற்களையும் கூட்டித் தரும்.

```
=SUMIF(B:B,1,C:C)
=SUMIF(B:B,">1",C:C)
```

முதல் சூத்திரத்துக்குப் பதிலாகப் பலர் `COUNTIF` பயன்படுத்துகிறார்கள். அது 255 எழுத்துகளுக்கு மேற்பட்ட வாக்கியங்களில் பிழைபடும். கேள்விக்குறியை ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்று எடுத்துக்கொள்வதால், கேள்வி வாக்கியங்களில் இல்லாத மீள்வருகையையும் காட்டிவிடும். நீண்ட வாக்கியங்கள் நிறைந்த ஆவணத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் தொகையே மாறும்.

நம் கையேட்டில் புதிய சொற்கள் 7,000, மீள்சொற்கள் 2,600 என்று வருகிறது. கிட்டத்தட்டப் பொருந்தும் துண்டுகளை இந்தக் கணக்கில் புதியவையாகவே வைத்துக்கொள்வோம். அவற்றுக்கும் படிநிலைத் தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் உண்டு. கணக்கிடும் வழி இதேதான், விகிதம் மட்டும் வேறு.

## மூன்றாம் படி: மீள்சொல்லுக்கு என்ன கொடுப்பது

முன்பே மொழிபெயர்த்ததை மென்பொருள் தானே நிரப்பிவிடுகிறதே, அதற்கு ஏன் பணம் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வேன். ‘ஓப்பன்’ என்ற ஒற்றைச் சொல் ஒரு பொத்தானின்மேல் இருந்தால் ‘திற’. வால்வின் நிலையைக் காட்டும் அட்டவணையில் இருந்தால் ‘திறந்துள்ளது’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே துண்டு, தமிழில் இரு வேறு சொற்கள். மென்பொருள் முதலில் கிடைத்ததையே எல்லா இடங்களிலும் நிரப்பும். ஒவ்வொரு மீள்துண்டையும் அதன் இடத்தில் வைத்துப் படித்துப் பார்க்காவிட்டால், அட்டவணை முழுவதும் ‘திற, திற’ என்று கட்டளைகளாக நிற்கும். படிப்பதற்கும் தேவையான இடத்தில் திருத்துவதற்கும் ஆகும் நேரமே மீள்சொல்லின் விலை.

இங்கே முழு விலையில் 30 விழுக்காட்டை வைத்துக்கொள்வோம். அதாவது தள்ளுபடி 70 விழுக்காடு. குறுகிய துண்டுகளும் ஒற்றைச் சொல் அட்டவணைக் கட்டங்களும் மிகுந்த ஆவணத்தில் நான் இதைவிட உயர்த்தியே கேட்பேன். நீண்ட, முழுமையான வாக்கியங்கள் அப்படியே திரும்ப வரும் ஒப்பந்தங்களில் இதைவிடக் குறைக்கலாம்.

இப்போது மீள்சொற்களைக் கட்டணச் சொற்களாக மாற்றுகிறோம். 2,600 மீள்சொற்களில் 30 விழுக்காடு 780. அதை 7,000 புதிய சொற்களோடு கூட்டினால் 7,780 கட்டணச் சொற்கள். இந்த எண் இனிவரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஏனென்றால் இது விலையை மட்டுமன்றி உழைப்பையும் அளக்கிறது. வழக்கமான கட்டணம் 7,780 × 5 = 38,900 அலகு. தள்ளுபடி இல்லாவிட்டால் 48,000 ஆகியிருக்கும்.

## நான்காம் படி: எது அவசரம், எவ்வளவு கூடுதல்

‘அவசரம்’ என்பதை நாள்கணக்கில் வரையறுக்காமல் விகிதம் பேசுவது பயனற்றது. இந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளைக்கு 2,000 கட்டணச் சொற்களை நிதானமாக முடிப்பவர் என்று கொண்டால், 7,780 சொற்களுக்கு ஏறத்தாழ 4 நாள்; மறுவாசிப்புக்கு ஒரு நாள். ஆக 5 வேலைநாள் வழக்கமான காலம். மொத்தச் சொற்களான 9,600-ஐ வைத்து நாள் கணக்கிட்டால் காலம் ஏறக்குறைய ஒரு நாள் நீண்டுவிடும். மீள்சொற்களுக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டு, காலக் கணக்கில் மட்டும் அவற்றை முழுச் சொற்களாக எண்ணுவது முறையாகாது.

வாடிக்கையாளர் 3 வேலைநாளில் கேட்கிறார். மறுவாசிப்பை அரை நாளாகச் சுருக்கினாலும் மொழிபெயர்ப்புக்கு இரண்டரை நாள்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் இயல்பாக முடிவது 5,000 சொற்கள்; மீதி 2,780 சொற்களை இரவிலும் விடிகாலையிலும் உட்கார்ந்து முடிக்க வேண்டும். வேலைநேரத்துக்கு வெளியே செய்யும் உழைப்புக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு வைத்தால், 2,780-இல் பாதியான 1,390 சொற்களின் விலை கூடுதலாகும். மொத்தத்தின்மேல் பரப்பினால் அது ஏறத்தாழ 18 விழுக்காடு. இரு மடங்கு மதிப்பு வைத்தால் ஏறத்தாழ 36 விழுக்காடு. நாம் எடுத்துக்கொள்ளும் 30 விழுக்காடு இந்த இரண்டுக்கும் இடையே நிற்கிறது. இப்படிக் கணக்கிட்டுச் சொல்லும்போது வாடிக்கையாளர் விகிதத்தைப் பற்றி வாதிடுவது குறைந்து, கெடு நாளை ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## ஐந்தாம் படி: இரண்டையும் சேர்த்தல்

இந்த 30 விழுக்காட்டைத் தள்ளுபடி போன பிறகு உள்ள 38,900-இன்மீது போடுவதா, தள்ளுபடிக்கு முந்தைய 48,000-இன்மீது போடுவதா?

முதல் வழியில் கூடுதல் 11,670, மொத்தம் 50,570. இரண்டாம் வழியில் கூடுதல் 14,400. அதை 38,900-உடன் சேர்த்தால் 53,300. வித்தியாசம் 2,730 அலகு.

எந்தக் கணக்கிலிருந்து இந்த 2,730 வந்தது என்று பாருங்கள். 2,600 மீள்சொற்களின் விலையில் 70 விழுக்காட்டைத் தள்ளிவிட்டோம். அது 9,100 அலகு. அந்த 9,100-இன் 30 விழுக்காடுதான் 2,730. அதாவது, செய்யப்படாத வேலை என்று நாமே ஒப்புக்கொண்டு தள்ளிய பகுதிக்கு அவசரக் கூடுதல் கேட்கிறோம். தள்ளுபடிக்கும் அவசரக் கூடுதலுக்கும் அடிப்படை ஒன்றே: மொழிபெயர்ப்பாளரின் நேரம். ஒரு மீள்சொல் 30 விழுக்காடு நேரமே எடுக்கும் என்றால், அவசரமும் அந்த 30 விழுக்காட்டைத்தான் நெருக்குகிறது. எனவே தள்ளுபடிக்குப் பிந்தைய தொகையின்மீது போடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

```
கட்டணம் = (புதிய சொற்கள் + மீள்சொற்கள் × 0.30) × சொல் விலை × 1.30
        = (7000 + 2600 × 0.30) × 5 × 1.30
        = 50570
```

இப்படிப் பெருக்கலாக எழுதிவிட்டால், எதை முன்னால் பெருக்கினாலும் விடை மாறாது. சிக்கல் வருவது விகிதங்களைக் கூட்டிக் கழிப்பவர்களிடம். ‘மீள்சொல்லுக்கு 70 தள்ளுபடி, அவசரத்துக்கு 30 கூடுதல், ஆக 40 தள்ளுபடி’ என்று மனக்கணக்குப் போட்டால், மீள்சொல்லின் விலை 5-இல் 60 விழுக்காடு, அதாவது 3 அலகு ஆகிவிடும். முறையான விலை 5 × 0.30 × 1.30 = 1.95 அலகு. கூட்டிக் கழிக்கும் முறையில் மொத்தம் மீண்டும் அதே 53,300 வருவது தற்செயல் அன்று. முழுத் தொகையின்மீது கூடுதல் போடுவதும் விகிதங்களைக் கூட்டிக் கழிப்பதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். உங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் எந்த முறை பின்பற்றப்பட்டிருக்கிறது என்பதை அறிய, மொத்தத்தைக் கட்டணச் சொற்களால் வகுத்துப் பாருங்கள். 50,570-ஐ 7,780-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 6.50 வரும், அது 5-இன் 1.30 மடங்கு. 53,300-ஐ வகுத்தால் 6.85 என்று ஒட்டாத எண் வரும்.

வரி இருந்தால் இதற்குப் பிறகே சேர்க்க வேண்டும். சிறிய பணிகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருப்பவர்கள், அவசரக் கூடுதல் அதற்கும் உண்டா என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

## பணியை இருவருக்குப் பிரிக்கும்போது

வாடிக்கையாளர் 3 நாளும் இல்லை, 2 நாள்தான் என்கிறார். ஒருவர் செய்ய வேண்டுமானால் ஒன்றரை நாளில் 7,780 சொற்கள். நாளொன்றுக்கு 5,000-க்கும் மேல். தரம் கெடாமல் இதை முடிக்க இயலாது. எனவே கையேட்டை நடுவில் பிரித்து இருவரிடம் கொடுக்கிறோம்.

பிரித்த மறுகணமே மீள்சொற்களின் எண்ணிக்கை மாறிவிடுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாம் பாதியில் திரும்ப வரும் வாக்கியங்களில் சிலவற்றின் முதல் வருகை முதல் பாதியில் இருக்கும். ஆவணம் ஒருவரிடம் இருந்தவரை அவை மீள்சொற்கள். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கும்போது, இரண்டாமவருக்கு அவை முற்றிலும் புதியவை. முதலாமவர் அவற்றை எப்படி மொழிபெயர்த்தார் என்பது அவருக்குத் தெரியாது. அத்தகையவை 900 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது புதியவை 7,900, மீள்சொற்கள் 1,700. கட்டணச் சொற்கள் 7,900 + 510 = 8,410; மொத்தம் 8,410 × 6.50 = 54,665 அலகு. பிரித்ததால் மட்டும் 4,095 கூடியிருக்கிறது. ஆளுக்கு ஏறத்தாழ 4,200 சொற்கள் வருவதால் அன்றாடச் சுமை முன்பைவிடக் கூடவில்லை. 30 விழுக்காட்டை மாற்றத் தேவையில்லை. அதோடு, ஒரே எச்சரிக்கை இரு பாதிகளிலும் இரு வகையாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், இருவரில் ஒருவர் முழுவதையும் ஒருமுறை படித்து ஒத்திசைவாக்க வேண்டும். அந்த வேலையை மணிநேரக் கணக்கில் தனி வரியாகக் காட்டுவது நல்லது.

ஒரு முறை நான் இரண்டாம் பாதியை ஏற்றுக்கொண்டபோது, முழு ஆவணத்துக்கு எடுத்த பகுப்பாய்வையே ஒரு முகமை எனக்கும் அனுப்பியது. என் பங்கில் மீள்சொற்கள் என்று காட்டியிருந்தவற்றில் பெரும்பகுதிக்கு நிரப்பப்பட்ட மொழிபெயர்ப்பு எதுவும் இல்லை என்பதை வேலையின் நடுவில்தான் கண்டேன். கெடு நெருங்கிவிட்டதால் அப்போது பேச முடியவில்லை; 30 விழுக்காட்டு விலைக்கு முழு வேலையைச் செய்து கொடுத்தேன். அதன்பின், எனக்கு வரும் கோப்பை நானே மீண்டும் எண்ணாமல் விலைக்கு ஒப்புக்கொள்வதில்லை. முடித்த வாக்கியங்களைச் சேமித்துவைக்கும் ஒரே மொழிபெயர்ப்பு நினைவகத்தை இருவரும் இணையவழியாக நேரடியாகப் பகிர்ந்துகொண்டால் இந்த இழப்பு குறையும். ஆனால் ஒரே வாக்கியத்தை இருவரும் ஒரே மணியில் அடைந்தால் அங்கும் இருமுறை வேலைதான்.

## விலைமொழிவில் எழுத வேண்டியவை

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், வாடிக்கையாளருக்கு 50,570 என்ற ஒற்றை எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். புதிய சொற்கள், மீள்சொற்கள், கட்டணச் சொற்கள், வழக்கமான கட்டணமான 38,900, அவசரக் கூடுதலான 11,670 ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்கட்டும். அவசரத்துக்கு இவ்வளவு கொடுக்கிறோம் என்பது கண்ணெதிரே தெரிந்தால், அவர் காலத்தை நீட்டி அந்தத் தொகையை மிச்சப்படுத்தவும் வழியுண்டு.

காலம் எப்போது தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். திருத்த இயலும் இறுதிக் கோப்பும் எழுத்துவழி ஒப்புதலும் இரண்டும் கைக்கு வந்த மணியிலிருந்தே 3 நாள் ஓடத் தொடங்கும்; அவர் ஒப்புதலைத் தாமதித்தால் கெடுவும் அதே அளவு நகரும். அதேபோல், மொழிபெயர்ப்பாளரின் பிழையால் 3 நாளில் முடியாமல் போனால் அவசரக் கூடுதலை அவர் கேட்கக் கூடாது. விற்றது விரைவு, விரைவைக் கொடுக்காதபோது அதன் விலையை வாங்குவது தகாது. வழக்கமான கட்டணமான 38,900 அப்போதும் அவருக்கு உரியது.

கடைசியாக, பணி நடக்கும்போதே மூலம் மாறுவது. அவசரப் பணிகளில் இது மிகுதி, ஏனெனில் மூலத்தை எழுதியவரும் அவசரத்தில் இருக்கிறார். இரண்டாம் நாளில் ஓர் எச்சரிக்கை வாக்கியத்தை மாற்றி அனுப்புகிறார்கள். அது 15 சொல் வாக்கியம். 12 இடங்களில் வருகிறது. 180 சொற்களுக்கும் முழு விலை கேட்பதும் தவறு, ஒரே வாக்கியம்தானே என்று 15 சொற்களோடு நிறுத்துவதும் தவறு. முதல் வருகை 15 சொற்கள். மற்ற 11 இடங்களின் 165 சொற்களில் 30 விழுக்காடு 49.5, ஆக 64.5 கட்டணச் சொற்கள். அவசர விலையில் 64.5 × 6.50 = 419.25 அலகு. பழைய வாக்கியத்தை ஏற்கெனவே மொழிபெயர்த்திருந்தால் அதற்கான தொகையும் குறையாது. இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்றால், பழைய வாக்கியத்துக்கான 64.5 சொற்களை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் சேர்க்க வேண்டும். இதற்காகவே, மாறிய கோப்பு வந்த மணியில் எதுவரை முடிந்திருந்தது என்பதை அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட வேண்டும்.